ஒரு நேரத்தில் ஒரு கிரீம்: எத்தனை வாரம் பொறுத்துப் பார்ப்பது?

மூத்த குடிமக்களுக்கான தோல் பராமரிப்புக் கையேடு

அறுபது வயதைத் தாண்டிய பலருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, செதில் செதிலாக உரிந்து, இரவில் அரிக்கிறது. வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது, தோலும் மெலிகிறது. ஜொகூரின் வெளிக்காற்று ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் குளிரூட்டிய அறையில் நெடுநேரம் இருப்பதும், சுடுநீரில் குளிப்பதும், நாளுக்கு இரண்டு மூன்று முறை சவர்க்காரம் போடுவதும் தோலில் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் எடுத்துவிடுகின்றன.

இதைப் பார்த்து மகள் ஒரு கிரீம் வாங்கி வருகிறார். மருமகள் வேறொன்று தருகிறார். பக்கத்து வீட்டார் ஒரு தைலத்தைச் சொல்கிறார். நீங்களும் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பூசத் தொடங்குகிறீர்கள். பத்து நாளில் அரிப்பு கூடினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. குறைந்தால் எது உதவியது என்றும் தெரியாது.

புதிய பொருளை ஒன்றன்பின் ஒன்றாக எப்படித் தொடங்குவது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம் கொடுப்பது, எப்போது காத்திருக்காமல் நிறுத்துவது என்பவற்றை இக்கையேடு விளக்குகிறது. கடையில் நீங்களே வாங்கும் கிரீம், லோஷன், சவர்க்காரம், எண்ணெய் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு அவர் சொன்ன நாள் கணக்கையே பின்பற்றுங்கள்.

இரண்டு கேள்விகள், இரண்டு கால அளவுகள்

புதிய பொருள் ஒன்றைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது எனக்குத் தீங்கு செய்கிறதா? இது எனக்குப் பயன் தருகிறதா? இரண்டுக்கும் விடை ஒரே நாளில் கிடைக்காது.

முதல் கேள்விக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். தோலில் ஏற்படும் தீங்கு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று எரிச்சல். பூசிய சில நிமிடத்திலோ ஓரிரு நாளிலோ சுரீரென்று எரியும். பூசிய இடத்தில் மட்டும் இருக்கும். கடுமையான சவர்க்காரமும் சில முகக் கிரீம்களும் இப்படிச் செய்யும்.

மற்றொன்று ஒவ்வாமை. இது மெதுவாக வரும். உடல் ஒரு பொருளை முதன்முறை சந்திக்கும்போது, அதை எதிரியாக அடையாளம் காணப் பத்து முதல் பதினான்கு நாள் வரை ஆகலாம். அதுவரை எந்தத் தொந்தரவும் இராது. பிறகு அரிப்பு தொடங்கி, பூசிய எல்லையைத் தாண்டியும் பரவும். ஒருமுறை அப்படி அடையாளம் கண்டுவிட்டால், அடுத்த முறை பூசும்போது ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அரிப்பு வந்துவிடும். வாசனைப் பொருள்கள், பொருள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனங்கள், முடிச்சாயம் ஆகியவை இவ்வகை ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகின்றன.

இதனால்தான் “மூன்று நாள் பூசினேன், ஒன்றும் ஆகவில்லை, இனி அடுத்ததையும் தொடங்கலாம்” என்ற முடிவு தவறாகிவிடுகிறது. மூன்றாம் நாளில் இரண்டாவது கிரீமைத் தொடங்கி, பதினோராம் நாளில் அரிப்பு வந்தால், பழி இரண்டாவது கிரீம்மேல் விழும். உண்மையில் காரணம் முதல் கிரீமாக இருக்கலாம். இரண்டு பொருள்களுக்கு இடையே குறைந்தது இரண்டு வார இடைவெளி விட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் நேராது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது பயன் தருகிறதா என்பதற்கு, பொருளுக்குப் பொருள் கால அளவு மாறும். தோலின் மேற்பகுதி அடியிலிருந்து புதிதாக வளர்ந்து மேலே வந்து உதிர்ந்துகொண்டே இருக்கிறது. இளவயதில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வயது கூடும்போது இன்னும் மெதுவாகும். தோலின் மேற்பரப்பில் ஈரத்தை நிறுத்தும் கிரீமின் பயன் சீக்கிரம் தெரியும். தோலின் உள்ளே இருக்கும் நிறத்தை மாற்ற வேண்டிய கிரீமுக்கு இரண்டு மூன்று சுற்றாவது கடக்க வேண்டும்.

எதற்கு எத்தனை வாரம்?

வறண்ட தோலுக்கான ஈரப்பதக் கிரீம்: சில நாளிலேயே தோல் மென்மையாகத் தெரியலாம். அரிப்பு குறைகிறதா என்று தீர்மானிக்க 2 முதல் 4 வாரம் கொடுங்கள்.

குதிகால் வெடிப்புக்கான யூரியா கலந்த கிரீம்: 4 வாரம். வெடிப்பு ஆழமாக இருந்து இரத்தம் கசிந்தால் காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு வெடிப்பையும் காட்டிவிடுவது நல்லது.

மென்மையான புதிய சவர்க்காரம் அல்லது ஷாம்பு: 2 முதல் 4 வாரம்.

முகத்துக் கருமைத் திட்டுக்கான கிரீம்: 8 முதல் 12 வாரம். அந்தக் காலம் முழுவதும் வெயிலுக்கு முன் சன்ஸ்கிரீன் பூசி, குடையோ தொப்பியோ பயன்படுத்தினால்தான் கணக்கு சரியாக வரும். இல்லாவிட்டால் கிரீம் குறைக்கும் கருமையை வெயில் திரும்பக் கொண்டு வந்துவிடும்.

சுருக்கத்துக்கான ரெட்டினால் கிரீம்: 12 வாரம் அல்லது அதற்கும் மேல். முதல் சில வாரங்களில் தோல் உரிவதும் இலேசாக எரிவதும் இதில் உண்டு. மெலிந்த, வறண்ட தோலுக்கு இது எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பும் வறட்சியும் இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம்.

சன்ஸ்கிரீனுக்குத் தனியாகப் பயன் பார்க்கக் காத்திருக்கத் தேவையில்லை. அது வெயிலைத் தடுக்கும் பொருள். இரண்டு வாரம் பூசி, தோல் ஏற்றுக்கொண்டால் தொடரலாம்.

தொடங்கும் முறை

முதலில், எது மிகவும் தேவை என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வறண்ட தோல் அரிக்கிறது என்றால் ஈரப்பதக் கிரீமே முதலில் வர வேண்டும். வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். முதல் முறை சிறிய குழாய் போதும்.

அடுத்து, கையில் சோதியுங்கள். முழங்கையின் உள்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, மூன்று விரல் அகலமுள்ள ஒரு சதுர இடத்தில், காலையும் மாலையும் ஏழு நாள் பூசுங்கள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் பூச வேண்டும். முன்பு ஏதாவது கிரீமோ முடிச்சாயமோ குங்குமமோ ஒத்துக்கொள்ளாமல் போனவராக இருந்தால் பதினான்கு நாள் சோதியுங்கள். சவர்க்காரம், ஷாம்பு போன்ற கழுவிவிடும் பொருள்களைக் கையில் பூசி அப்படியே விட்டுவிடக் கூடாது. அவை தோலில் தங்குவதற்குச் செய்தவை அல்ல, ஒவ்வாமை இல்லாதவருக்கும் எரிச்சல் தந்துவிடும். முடிச்சாயத்துக்கு அதன் பெட்டியில் எழுதியுள்ள 48 மணி நேரச் சோதனையைச் செய்யுங்கள்.

கையில் ஒன்றும் ஆகாவிட்டால் தேவையான இடத்தில் பூசத் தொடங்குங்கள். அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் அப்போதே வட்டமிட்டுவிடுங்கள். கட்டம்தோறும் இரவில் ஓர் எண் எழுதினால் போதும்: அரிப்பே இல்லையென்றால் 0, தூங்கவிடாத அரிப்பு என்றால் 10. நான்கு வாரம் கழித்து “கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது” என்று நினைவை நம்பிச் சொல்வதைவிட, 7 என்ற எண் 3 ஆகியிருப்பதைப் பார்ப்பது தெளிவாக இருக்கும். முகத் திட்டுக்கு எண் உதவாது. மாதம் ஒருமுறை, அதே சன்னல் அருகில், அதே நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

சோதனைக் காலத்தில் மற்றவை மாறாமல் இருக்கட்டும். துணி துவைக்கும் தூளை அதே வாரத்தில் மாற்ற வேண்டாம். அரிக்கும் இடத்தில் தலைவலித் தைலம் தேய்க்க வேண்டாம். அதில் உள்ள கற்பூரமும் மெந்தாலும் சற்று நேரம் குளிர்ச்சி தந்து அரிப்பை மறைக்கும், சொறிந்து புண்ணான தோலை எரிக்கவும் செய்யும். கிரீம் வேலை செய்கிறதா, தைலம் மறைக்கிறதா என்று பிறகு பிரித்தறிய முடியாது. வேப்பெண்ணெய், மஞ்சள் போன்ற வீட்டுப் பொருள்களும் இதில் ஒரு புதிய பொருளாகவே கணக்கில் வரும். இயற்கையானது என்பதால் ஒவ்வாமை வராது என்று சொல்ல முடியாது.

குறைவாகப் பூசினால் தீர்ப்பு தவறிவிடும்

“நான்கு வாரம் பூசிப் பார்த்தேன், பயனில்லை” என்று சொல்பவர்களிடம் எத்தனை குழாய் முடிந்தது என்று கேட்டால், பல நேரம் ஒரு சிறிய குழாயில் பாதி என்பதே பதிலாக இருக்கும். அந்தக் கிரீமுக்கு உண்மையில் வாய்ப்பே தரப்படவில்லை.

அளவை இப்படிக் கணக்கிடலாம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை ஒரு காலுக்கு ஐந்து விரல்நுனி அளவு, அதாவது இரண்டரை கிராம் வேண்டும். இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஐந்து கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. காலையும் இரவும் பூசினால் நாளுக்குப் பத்து கிராம்.

ஆக, 50 கிராம் குழாய் ஐந்து நாளில் தீர்ந்துவிடும். நான்கு வாரத்துக்கு 280 கிராம் தேவை. கையில் சோதிக்கச் சிறிய குழாய் வாங்கி, ஒத்துக்கொண்ட பிறகு பெரிய டப்பாவாக வாங்குவதே செலவுக்கும் நல்லது. டப்பாவிலிருந்து விரலால் தோண்டி எடுக்காமல், உலர்ந்த சுத்தமான கரண்டியால் எடுங்கள்.

குளித்துத் துவட்டிய மூன்று நான்கு நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். உட்கார்ந்துகொண்டு பூசுங்கள். கால் விரல்களுக்கு நடுவே பூச வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரலாம். பாதத்தில் பூசிய பிறகு வழுக்காத செருப்பைப் போட்டுக்கொண்டே எழுந்து நடங்கள். கிரீம் பூசிய காலோடு குளியலறைத் தரையில் வழுக்கி விழுவது, வறண்ட தோலைவிடப் பெரிய ஆபத்து.

ஓர் எடுத்துக்காட்டு

கூலாயில் வசிக்கும் 68 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். கால் அரிப்பும், கன்னத்தில் கருமைத் திட்டும் அவருக்கு இருக்கின்றன. மகள் மூன்று பொருள் வாங்கி வந்தார்: மென்மையான குளியல் திரவம், ஈரப்பதக் கிரீம், கருமைத் திட்டுக்கான முகக் கிரீம். மூன்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கினார். ஒன்பதாம் நாளில் கன்னமும் கண்ணிமையும் அரித்துத் தடித்தன. காலிலும் அரிப்பு குறையவில்லை.

கிளினிக்கில் மூன்றையும் நிறுத்தச் சொன்னார்கள். முகத்துக்கு மருத்துவர் தந்த மருந்தைச் சில நாள் பூசினார். தோல் பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. தோல் அடங்கும் முன் புதிதாக எதையும் தொடங்கியிருந்தால், பழைய எதிர்விளைவு எது, புதியது எது என்று தெரியாமல் போயிருக்கும்.

பிறகு வரிசையாகத் தொடங்கினார். ஈரப்பதக் கிரீமை ஏழு நாள் முன்கையில் சோதித்தார், ஒன்றும் இல்லை. காலில் பூசத் தொடங்கிய நாளில் நாள்காட்டியில் அரிப்பு எண் 7. முதல் வாரக் கடைசியில் 6. இந்த இடத்தில்தான் பலர் “இது சரிப்படாது” என்று விட்டுவிடுகிறார்கள். அவர் தொடர்ந்தார். இரண்டாம் வாரக் கடைசியில் 5, நான்காம் வாரக் கடைசியில் 2. இந்தக் கிரீம் அவருக்குத் தீங்கு செய்யவில்லை, பயனும் தருகிறது. இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தது.

அடுத்து குளியல் திரவம். இரண்டு வாரம் அதைக் கொண்டு குளித்தார். அரிப்பு எண் கூடவில்லை. அதுவும் தங்கியது.

கடைசியாக, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முகக் கிரீமைக் கையில் சோதித்தார். முன்பு எதிர்விளைவு வந்தவர் என்பதால் பதினான்கு நாள் என்று குறித்துக்கொண்டார். ஆனால் இரண்டாம் நாள் இரவே அந்தச் சிறு சதுரம் அரித்தது, மூன்றாம் நாள் காலையில் தடித்திருந்தது. உடனே கழுவி நிறுத்தினார். முதல் தடவை ஒன்பது நாள் எடுத்த எதிர்விளைவு இந்த முறை இரண்டே நாளில் வந்ததற்குக் காரணம், அவர் உடல் அந்தப் பொருளை ஏற்கெனவே அடையாளம் கண்டிருந்தது. முதல் தடவை கண்ணிமை வரை வீங்கினார். இந்த முறை மூன்று விரல் அகலத்தில் விஷயம் முடிந்தது. அந்தக் கிரீமின் பெட்டியை எறியாமல் வைத்திருந்து கிளினிக்கில் காட்டினார். அதில் உள்ள பொருள்களின் பெயரை வைத்துத்தான், இனி வேறு எந்தப் பொருள்களில் கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவரால் சொல்ல முடியும்.

முதல் தடவை எதிர்விளைவு கடுமையாக இருந்தால், உதாரணமாக முகம் முழுவதும் வீங்கியிருந்தால், அதே பொருளை நீங்களாக மறுபடி சோதிக்கக் கூடாது. மருத்துவமனையின் தோல் பிரிவில் முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் பாதுகாப்பான சோதனை இருக்கிறது. அதற்கு மருத்துவர் பரிந்துரைப்பார்.

நம் தோலில் அடையாளம் காண்பது எப்படி?

“தோல் சிவந்தால் நிறுத்துங்கள்” என்று பல பெட்டிகளில் எழுதியிருக்கும். மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கூடுதலாகக் கறுத்தோ, ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா, மணல் போலச் சொரசொரப்பாக இருக்கிறதா? மற்றக் கையின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள்.

சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் தோலில் எதிர்விளைவு ஆறினாலும் அந்த இடத்தில் கருமை பல மாதங்கள் நிற்கும். திட்டைப் போக்கப் பூசிய கிரீம் ஒத்துக்கொள்ளாமல் போனால், இருந்த திட்டைவிடப் பெரிய திட்டு மிஞ்சலாம்.

ஒரே வாரத்தில் வெளுத்தால் மகிழ வேண்டாம்

கருமைத் திட்டு குறைய 8 முதல் 12 வாரம் ஆகும் என்று மேலே பார்த்தோம். அப்படியிருக்க, “ஏழே நாளில் பளிச்” என்று விற்கும் கிரீம் சொன்னபடியே செய்துவிட்டால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அவ்வளவு வேகமாகத் தோலை மாற்றும் பொருள்கள் பெரும்பாலும் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகியவை. இவற்றை அழகுப் பொருள்களில் கலப்பதற்கு மலேசியாவில் அனுமதி இல்லை. பாதரசம் தோல் வழியாக உடலில் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். வீட்டில் உள்ள பேரப்பிள்ளைகளுக்கும் உங்கள் கை, துணி வழியாகப் போய்ச் சேரலாம். ஸ்டீராய்டு கிரீமை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து, இலேசாக உரசினாலே இரத்தம் கட்டும்.

மலேசியாவில் 2008 முதல், அழகுப் பொருளை விற்கும் முன் அதைச் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்த பொருளுக்கு `NOT` என்று தொடங்கி, ஒன்பது இலக்கங்களுக்குப் பிறகு `K` என்று முடியும் எண் உண்டு. `npra.gov.my` என்ற இணையத்தளத்தில் பொருளின் பெயரையோ எண்ணையோ தேடிப் பார்க்கலாம். தடைசெய்த பொருள் கலந்திருப்பது தெரிந்தால் அந்த அறிவிப்பை நிறுவனம் இரத்து செய்கிறது. தேடித்தரப் பிள்ளைகளையோ மருந்தகத்தில் உள்ள மருந்தாளரையோ கேளுங்கள்.

அந்த எண் இருப்பதால் பொருள் உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்றோ, சொன்ன பயன் தரும் என்றோ ஆகிவிடாது. எண் உள்ள பொருளையும் கையில் சோதித்து, உரிய வாரங்கள் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வேகமாக வெளுக்கச் செய்யும் கிரீமைப் பல மாதம் பூசியவர்கள், நிறுத்தியதும் முகம் எரிந்து கொப்பளிப்பதைக் காணலாம். அதைத் தாங்காமல் மறுபடி பூசத் தொடங்காதீர்கள். கிரீமையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள்.

வாரக் கணக்கு பார்க்காமல் உடனே நிறுத்த வேண்டியவை

பூசிய இடத்தில் கொப்புளமோ நீர்க்கசிவோ வந்தால், அரிப்பு பூசாத இடத்துக்கும் பரவினால், கண்ணிமை வீங்கினால், கழுவி நிறுத்திவிட்டு அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள்.

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, உடல் முழுவதும் தடிப்பு எழும்பினாலோ 999 என்ற எண்ணை அழையுங்கள்.

நான்கு வாரம் சரியாகப் பூசியும் அரிப்பு குறையாவிட்டால்

வேறொரு கிரீம் வாங்கி இன்னும் நான்கு வாரம் பார்ப்பது சரியல்ல. போதிய அளவில், நாளுக்கு இரண்டு முறை, நான்கு வாரம் பூசியும் அரிப்பு அப்படியே இருந்தால் காரணம் வறட்சி மட்டுமாக இராது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறுகளில் உடல் முழுவதும் அரிக்கும். சொறி என்னும் சிரங்குப் பூச்சி இருந்தால் இரவில் அரிப்பு கூடும், வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கும். புதிதாகத் தொடங்கிய மாத்திரையும் காரணமாகலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்குப் போகும்போது ஒரு பையில் மூன்றை எடுத்துச் செல்லுங்கள்: தற்போது பூசும் எல்லாக் கிரீம், தைலம், எண்ணெய்களும் அவற்றின் பெட்டிகளும், சாப்பிடும் மாத்திரைகள், அரிப்பு எண் எழுதிய நாள்காட்டித் தாள். எந்தப் பொருளை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்பது அதில் இருந்தால், மருத்துவர் முதலில் தேட வேண்டிய விஷயம் அவர் கையிலேயே இருக்கும்.